மூல ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறை மலம் கழிக்க பயமா?

திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்து சுங்கை சிப்புட் வீட்டுக்குத் திரும்பியவருக்குப் பெரும்பாலும் புதன், வியாழனில்தான் முதல் முறை மலம் வரும். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பதும் உணர்வு வந்தும் அடக்குவதும்தான் பெரிய தவறு. அடக்கிய மலத்தின் நீரைக் குடல் உறிஞ்சிவிடும்; அது இறுகிப் புண்ணை இன்னும் உரசும்.

மலத்தை இளக்க மருத்துவர் தந்த லாக்டுலோஸ் சிரப்பை முதல் நாளிலிருந்தே சொன்ன அளவில் குடியுங்கள். அது வேலை செய்ய ஓரிரு நாள் ஆகும். முட்டும்போது குடித்துப் பயனில்லை. டிராமடோல் போன்ற வலி மாத்திரை மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் சிரப்பை நிறுத்தாதீர்கள். பப்பாளி, கீரை, நிறைய தண்ணீர் சேருங்கள்.

காலை பசியாறிய அரைமணி நேரத்தில் குடல் தானாக அசையும், அப்போது போங்கள். உட்காரும் கழிவறையானால் காலடியில் சிறு முக்காலி வையுங்கள். முக்காதீர்கள், வாயால் மெல்ல மூச்சு விடுங்கள். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். பிறகு தண்ணீரால் கழுவி, அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இறுகிய தசை தளரும், எரிச்சல் அடங்கும்.

சொட்டு ரத்தம் வருவது இயல்பு. கட்டியாகவோ நிற்காமலோ வந்தால், காய்ச்சல் அடித்தால், சிறுநீர் போகாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று நாளாகியும் மலம் வராவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள்; நீங்களாக எனிமா வைக்க வேண்டாம்.