"நைனா எப்ப வருவாரு?": சாவைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒரு சாவு விழுந்ததும், "அவனுக்குச் சொல்லாதீங்க, தாங்கமாட்டான்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த 'அவன்' 35 வயது ஆள், அறிவுசார் குறைபாடு உள்ளவர். வாசலில் பந்தல், உள்ளே ஒப்பாரி, தெருவில் மேளம். ஏதோ நடந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிடும். என்னவென்று தெரியாததுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தும். மறைப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது, பூசி மெழுகுவது. குடியாத்தத்தில் ஒருவருடைய அப்பா இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். "நைனா ஊருக்குப் போயிருக்காரு" என்றால், மகன் சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பார். "தூங்குறாரு" என்றால் ராத்திரி படுக்கவே பயப்படலாம். "சாமிகிட்ட போயிட்டாரு" என்றால் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்வார். "காலமாகிட்டார்" என்பது மரியாதையான பேச்சுதான், ஆனால் அவருக்கு எட்டாது.

அவர் நம்பும் ஒருவர் டிவியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்: "நைனா செத்துட்டாரு. அவர் உடம்பு வேலை செய்யல. மூச்சு விடமாட்டாரு, சாப்பிடமாட்டாரு, பேசமாட்டாரு. அவருக்கு வலிக்காது. திரும்பி வரமாட்டாரு." கேட்க நமக்குக் கடுமையாக இருக்கும். ஆனாலும் ஒரு வாக்கியம் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்து அடுத்ததைச் சொன்னால் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம்.

"உடம்பு சரியில்லாம செத்துட்டாரு" என்று மொட்டையாகவும் விடக்கூடாது. அடுத்த முறை சளி பிடித்தால் தானும் செத்துவிடுவோம் என்று நடுங்குவார். "நைனாவுக்கு இதயத்துல பெரிய வியாதி. சளி, காய்ச்சல் மாதிரி இல்ல. உனக்கு அது இல்ல. நீ எதுவும் தப்பு பண்ணல" என்று சொல்லுங்கள். நான் கோபப்படுத்தியதால்தான் செத்தார் என்று மனதுக்குள் வைத்திருப்பவர்கள் உண்டு. அதனால் அந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம்.

சடங்குக்கு வருகிறாரா என்று அவரையே கேளுங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: உடம்பைக் குளிப்பாட்டுவார்கள், மாலை போடுவார்கள், வெடி சத்தம் கேட்கும், அப்புறம் புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள், அதில் நைனாவுக்கு வலிக்காது. சத்தம் தாங்கவில்லை என்றால் நடுவில் வீட்டுக்குக் கூட்டிவர மாமாவோ சித்தப்பாவோ கூடவே இருக்கட்டும். உடம்பைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் விடுங்கள். அந்தக் குளிர்ச்சி, நாம் சொன்னதை அவருக்குப் புரிய வைக்கும்.

கருமாதி முடிந்த பிறகும் "நைனா எப்ப வருவாரு?" என்று கேட்பார். "அதான் சொன்னேனே" என்று எரிந்து விழாதீர்கள், வார்த்தையையும் மாற்றாதீர்கள். வீட்டில் எல்லோரும் அதே பதிலையே சொல்லட்டும். காலையில் டீக்கடைக்கு இனி யார் கூட்டிப்போவார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல சமயம் அவர் கேட்க நினைப்பது அதுதான்.

துக்கம் பல மாதம் கழித்தும் வெளிப்படலாம். சாப்பிடாமல் இருப்பார், தன்னையே அடித்துக்கொள்வார், படுக்கையை நனைப்பார். 'பழையபடி ஆரம்பிச்சிட்டான்' என்று தள்ளிவிடாமல், பல்வலியோ வயிற்றுவலியோ இருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அப்பா செத்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.