கடை போர்டுக்கு ஓனரிடம் சம்மதம் வாங்கிய விதம்

வாய்வார்த்தையாகக் கேட்டபோது ஓனர் பிடிகொடுக்கவில்லை. முன்பு இருந்தவர் போர்டைக் கழற்றிய துளைகளை அடைக்காமல் போனதால் மழைநீர் இறங்கிச் சுவர் ஊறியிருந்தது. அவர் பயம் நியாயமானதுதான். அதனால் கடிதமாகவே கொடுத்தேன்:

"ஐயா, போர்டு 10 அடி நீளம், 2 அடி உயரம். ஷட்டருக்கு மேலே, சன்ஷேடுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி வரும், தெருப்பக்கம் நீட்டாது. காலி செய்யும்போது என் செலவில் கழற்றி, துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து, அதே நிறத்தில் பெயிண்ட் அடித்துத் தருகிறேன். தவறினால் அட்வான்சில் பிடித்துக்கொள்ளலாம்."

சுவரின் போட்டோவில் போர்டு வரும் இடத்தைக் கட்டம் போட்டு இணைத்தேன். அட்வான்ஸ் வரியைப் படித்ததும் இரண்டு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றை வாடகை ஒப்பந்தத்தோடு வைத்திருக்கிறேன்.