வீட்டு விசேஷத்துக்கு ஊரிலிருந்தே இரண்டு வாரம் வேலை: மேனேஜரிடம் கேட்பது எப்படி?

தங்கச்சி கல்யாணத்துக்காக நான் முதல் தடவை இதைக் கேட்டபோது சொதப்பிவிட்டேன். கேட்டது இப்படி: “சார், ஜூன் 2-லேருந்து 13 வரைக்கும் ஊர்லேருந்து வேலை பாத்துக்கறேன். லீவே வேண்டாம், பத்து நாளும் லாகின் பண்ணிடுவேன்.”

லீவு வேண்டாம் என்றால் மனுஷன் சந்தோஷப்படுவார் என்பது என் கணக்கு. அவர் காலண்டரைத் திறந்துகொண்டே கேட்டார்: “கல்யாணம் என்னைக்கு?”

“11-ஆம் தேதி சார், புதன்கிழமை.”

“அன்னைக்கும் லாகின் பண்ணுவீங்களா?”

என்னிடம் பதில் இல்லை. “யோசிச்சு சொல்றேன்” என்று முடித்துவிட்டார். மூன்று நாள் கழித்து வேறு மாதிரி கேட்டேன், பத்தே நிமிஷத்தில் சரி என்றார். இரண்டாவது தடவை செய்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: லீவு நாளையும் வேலை நாளையும் பிரித்துவிடுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். “இரண்டு வாரம் ஊரிலிருந்து வேலை” என்று மொத்தமாகக் கேட்டால், அதில் எத்தனை நாள் நிஜமாகவே வேலை நடக்கும் என்ற சந்தேகம் எந்த மேனேஜருக்கும் வரும். விசேஷ நாளிலும் வேலை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டால், மற்ற ஒன்பது நாளைப் பற்றிச் சொன்னதையும் அவர் நம்ப மாட்டார்.

அதனால் ஒரு பேப்பரில் பத்து நாளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக உண்மையை எழுதுங்கள். என்னுடையது இப்படி வந்தது:

- ஜூன் 2 திங்கள் முதல் 6 வெள்ளி வரை: முழு நாள் வேலை
- 9 திங்கள்: மதியம் வரை வேலை, பிறகு அரை நாள் லீவு
- 10, 11, 12: முழு லீவு, போனிலும் கிடைக்க மாட்டேன்
- 13 வெள்ளி: முழு நாள் வேலை
- 16 திங்கள்: ஆபீஸில் இருப்பேன்

ஆறரை நாள் வேலை, மூன்றரை நாள் லீவு. 9-ஆம் தேதியில்தான் எனக்குக் கை நடுங்கியது. முழு நாள் வேலை என்று போடலாமா என்று பார்த்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மதியத்துக்கு மேல் வீட்டில் யார் உட்கார விடுவார்கள்? அரை நாள் லீவு போனால் போகட்டும் என்று எழுதிவிட்டேன். பட்டியலைக் காட்டியபோது மேனேஜர் முதலில் கவனித்ததும் அந்த அரை நாளைத்தான்.

படி 2: நீங்கள் இல்லாத நாட்களுக்கு ஆள் பார்த்துவிட்டுக் கேளுங்கள்

இரண்டாவது வார இறுதியில் எனக்கு ஆன்கால் முறை இருந்தது. கேட்கப் போவதற்கு முன்பே டீமில் ஒருவரிடம் பேசி, அவருடைய மாதக் கடைசி வாரத்தை நான் எடுத்துக்கொண்டு இதை அவருக்குக் கொடுத்தேன். “யாராவது பாத்துப்பாங்க” என்று விட்டால் அந்த யாராவது யார் என்று தேடும் வேலை மேனேஜர் தலையில் விழும். உங்களுக்குச் சரி சொல்வதை விட அந்தத் தேடல்தான் அவருக்குச் சலிப்பு.

படி 3: நெட்டைச் சோதித்துவிட்டுக் கேளுங்கள்

“எங்க வீட்ல நெட் நல்லா இருக்கும்” என்பது பதில் ஆகாது. ஊருக்குப் போகும் ஏதாவது ஒரு வார இறுதியில் லேப்டாப்பைக் கொண்டுபோய், ஆபீஸ் விபிஎன்னில் இணைந்து, நீங்கள் வழக்கமாக மீட்டிங்கில் இருக்கும் அதே நேரத்தில் இதை ஓட்டிப் பாருங்கள் (விண்டோஸில்):

```
ping -n 200 8.8.8.8
```

லினக்ஸிலும் மேக்கிலும் `-n` இடத்தில் `-c`. கடைசியில் வரும் `loss` எண்ணைப் பாருங்கள். பூஜ்யமோ அதற்குப் பக்கத்திலோ இருந்தால் நல்லது. ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் வீடியோ காலில் உங்கள் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்கும், ஸ்பீட் டெஸ்ட் எவ்வளவு பெரிய எண்ணைக் காட்டினாலும் சரி. எல்லாமே `Request timed out` என்று வந்தால் உங்கள் விபிஎன் வெளி முகவரிகளுக்கு பிங்கை அடைத்திருக்கலாம். அப்போது ஆபீஸ் சர்வர் ஒன்றின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

மாற்று வழியாக நான் சொல்வது வேறு கம்பெனி சிம் போட்ட போனின் ஹாட்ஸ்பாட். தனி டாங்கிள் வாங்குவது வீண் செலவு. அப்புறம், கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ரவுட்டர் ஓடாது. அதற்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை மாட்டிவிடுங்கள்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. என் சோதனை நடந்தபோது வீட்டில் நாலு பேர். விசேஷ வாரத்தில் இருபது பேர், எல்லோர் கையிலும் போன், எல்லோருக்கும் வைஃபை பாஸ்வேர்டு தெரியும். வெள்ளிக்கிழமை டெமோ நடுவில் என் படம் உறைந்து நின்றது. அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை மாற்றி, விருந்தாளிகளுக்கு ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் திறந்து, லேப்டாப்பைக் கேபிளில் சொருகினேன். நீங்கள் இதை முதல் நாளே செய்யுங்கள். சித்தப்பாவிடம் திட்டு வாங்குவீர்கள், பரவாயில்லை.

படி 4: வாயால் கேளுங்கள், பிறகு மெயில்

தேதி முடிவானவுடன், குறைந்தது நாலு வாரம் முன்னால் கேளுங்கள். சாட்டில் கேட்காதீர்கள். அங்கே கிடைக்கும் கட்டைவிரல் குறியை அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு மாதம் கழித்து அவருக்கே அது ஞாபகம் இருக்காது. தனியாகப் பேசும் நேரத்தில் பட்டியலைக் காட்டிக் கேட்டுவிட்டு, அன்றே மெயில் போடுங்கள். நான் போட்டது ஏறக்குறைய இது:

> இன்று பேசியபடி, தங்கையின் திருமணத்தை ஒட்டி ஜூன் 2 முதல் 13 வரை சொந்த ஊரில் இருப்பேன். நாள்வாரி விவரம் கீழே. வேலை நாட்களில் நேரம் மாறாது. ஆன்கால் மாற்றிக் கொடுத்தாயிற்று, அவர் இதில் சிசியில் இருக்கிறார். ஜூன் 16 காலை ஆபீஸில் இருப்பேன். சரி என்றால் பதில் போடுங்கள், லீவையும் இருப்பிட மாற்றத்தையும் சிஸ்டத்தில் பதிந்துவிடுகிறேன்.

பட்டியலை மெயிலுக்குள்ளேயே ஒட்டுங்கள். எக்செல் இணைப்பைப் போனில் யாரும் திறப்பதில்லை. திரும்பும் தேதியை எழுத மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் இரண்டு வாரம் மூன்றாகுமோ என்ற கேள்வி அவர் மனதில் ஓடும்.

“ஒரு வாரம் போதாதா?” என்று அவர் பேரம் பேசினால் வாதாட வேண்டாம். எந்த வாரத்தை விட முடியும் என்று முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். நான் முதல் வாரத்தை விடத் தயாராக இருந்தேன், தேவைப்படவில்லை.

படி 5: மேனேஜரின் பதில் வந்ததும் ஐடிக்கு ஒரு டிக்கெட். சில இடங்களில் லேப்டாப் புது ஊரிலிருந்து லாகின் ஆனால் கணக்கே பூட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் கொடுத்த லேப்டாப் என்றால் அவர்கள் சம்மதமும் வேண்டும்.

பின்சேர்க்கை 1: துக்க காரியம் என்றால் நாலு வாரம் முன்னால் எப்படிக் கேட்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம். அதற்கு இந்த வரிசை பொருந்தாது. முதல் சில நாள் லீவு மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஊரில் போய் நிலைமையைப் பார்த்த பிறகு, மீதி நாட்களுக்கு மட்டும் பட்டியல் போட்டு போனில் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: சொந்த ஊர் வேறு நாட்டில் இருப்பவர்கள் மேனேஜர் சரி சொன்னதை வைத்துப் பயண டிக்கெட் போட்டுவிடாதீர்கள். வரி, வேலை அனுமதி, தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது என்று எல்லாம் அதில் வரும். எச்.ஆர். எழுத்தில் சம்மதிக்கும் வரை அந்த இரண்டு வாரத்தையும் லீவாகவே திட்டமிடுங்கள்.