ஈரமாகக் கல் அறுப்பது எப்படி: சிலிகா தூசியிலிருந்து நுரையீரலைக் காக்கும் முறை

கல்லை அறுக்கும்போது எழும் வெள்ளைப் புகைமூட்டத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அதில் கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். நுரையீரலின் அடி ஆழம்வரை போவது சுமார் 5 மைக்ரானுக்கும் குறைவான துகள்தான். அது கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி, 8 மணி நேர வேலையில் ஒரு கனமீட்டர் காற்றில் கல்லிலுள்ள சிலிகா என்ற கனிமத்தின் இந்த நுண்துகள் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒருவர் அந்த நேரத்தில் ஏறக்குறைய 10 கனமீட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், வரம்புக்குள் இருந்தாலே உள்ளே போவது அரை மில்லிகிராம். உலர்ந்த கல்லைக் கட்டரால் அறுத்தால் அந்த அளவைத் தாண்டச் சில நிமிடங்களே போதும்.

கையில் பிடித்து அறுக்கும் கட்டரைக் கொண்டு ஒரு கருங்கல் பலகையை அறுப்பதை எடுத்துக்கொள்வோம்.

1. எந்தக் கல் என்று பாருங்கள்

மணற்கல்லில் பெரும்பகுதி சிலிகாதான். செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். அவற்றால் இளம் தொழிலாளர்கள் பலர் நோயுற்றதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அவற்றைத் தடை செய்தது. கருங்கல்லில் இதைவிடக் குறைவு, ஆனாலும் ஆபத்தான அளவுதான். சுண்ணாம்புக்கல்லிலும் பளிங்கிலும் பொதுவாக மிகக் குறைவு.

2. தண்ணீரை அளந்து விடுங்கள்

தூசி எழுந்த பிறகு அதன்மேல் தண்ணீர் தெளிப்பதால் பயன் குறைவு. பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே, அதன் இரு பக்கமும் நனையும்படி தண்ணீர் விழவேண்டும். ஒருவர் அறுக்க இன்னொருவர் பாட்டிலிலிருந்து ஊற்றுவது போதாது. ஊற்றுகிறவரும் அதே தூசியைத்தான் சுவாசிக்கிறார்.

கைக்கட்டருக்கு நிமிடத்துக்குக் குறைந்தது அரை லிட்டர் தேவை. அறுக்கத் தொடங்கும் முன் கட்டரின் தண்ணீர்க் குழாய் முனையில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நிரம்பினால் சரி; மூன்று நிமிடம் ஆனால் முனை அடைத்திருக்கிறது அல்லது தொட்டியில் அழுத்தம் குறைந்திருக்கிறது. இந்தக் கணக்கில் 20 லிட்டர் தொட்டி 40 நிமிடம் வரும். 35-வது நிமிடத்திலேயே நிரப்பிவிடுங்கள். கடைசி ஒரு அடியை மட்டும் உலர அறுத்து முடிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதுவரை தண்ணீர் விட்ட பலனை அதுவே கெடுத்துவிடும்.

மின்சாரக் கட்டராக இருந்தால், தண்ணீர் இணைப்புடன் தயாரிக்கப்பட்டதை மட்டும் பயன்படுத்துங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவி வழியாகவே இணைப்புத் தாருங்கள். உலர் வேலைக்கான கிரைண்டரில் தண்ணீர் ஊற்றினால் உயிருக்கே ஆபத்து.

3. காற்று எந்தப் பக்கம் போகிறது?

தண்ணீர் எல்லாத் தூசியையும் பிடிக்காது. சிதறும் நீர்த்திவலையிலும் சிலிகா இருக்கும். அதனால் திறந்த வெளியில் அறுப்பதே நல்லது. காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி நின்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பு காற்றைத் தடுப்பதால் முகத்துக்கு முன்னால் சுழல் உண்டாகி, தூசி அங்கேயே சுற்றும். காற்று பக்கவாட்டில் கடந்துபோகும்படி நில்லுங்கள்.

கொட்டகைக்குள் என்றால், வெறும் மின்விசிறி தூசியை அடுத்தவர் மீதுதான் தள்ளும். அறுக்கும் இடத்தை ஒட்டி உறிஞ்சு குழாய் வைத்து, வடிகட்டி வழியாக வெளியேற்றவேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு: விளக்குகளை அணைத்துவிட்டு, அறுக்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்து, ஒளிக்கற்றையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அதில் மிதப்பது பகல் வெளிச்சத்தில் தெரியாத தூசி. அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் தெரியும். ஒன்றும் தெரியாததால் மட்டும் காற்று சுத்தம் என்று முடிவு செய்யவேண்டாம்.

உள்ளே வேலை செய்தால், தண்ணீர் விட்டாலும் என்95 அல்லது அதைவிடச் சிறந்த முகக்கவசம் அணியுங்கள். முகத்தோடு ஒட்டாத கவசம் பயன்படாது. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். கைக்குட்டை இந்தத் துகளைத் தடுக்காது.

4. சேற்றைக் காயவிடாதீர்கள்

கல்சேறு காய்ந்தால் மறுபடியும் தூசிதான். ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்து மூடிய கலனில் போடுங்கள். உலர்ந்த துடைப்பமும், உடையில் கம்ப்ரெசர் காற்றடிப்பதும் கூடாது.

5. உடம்பு தரும் அடையாளங்கள்

நுரையீரலில் துகளை விழுங்கும் செல்கள் அதைச் செரிக்க முடியாமல் மடிகின்றன. அந்த இடத்தில் தழும்புக் கட்டிகள் உருவாகின்றன. இதுவே சிலிகோசிஸ். வழக்கமாக 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தூசி மிக அதிகமானால் சில ஆண்டுகளிலேயே வரும். தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இல்லாமலேயே எக்ஸ்ரேயில், பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில், சிறு புள்ளிகள் தெரியலாம். பிறகு வறட்டு இருமல். வழக்கமாக ஏறும் படியில் மூச்சு வாங்குவதும், கூட நடப்பவரோடு பேசிக்கொண்டே போக முடியாமல் போவதும் உண்டு. பலர் இதை வயதின் மீதோ புகைப்பழக்கத்தின் மீதோ போட்டுவிடுகிறார்கள்.

ஆகவே வேலையில் சேரும்போதே மார்பு எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் செய்து முடிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் எடுப்பதை அவற்றோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். மருத்துவரிடம் எத்தனை ஆண்டு, எந்தக் கல், ஈரமாகவா உலரவா என்பதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எக்ஸ்ரே புள்ளிகளைக் காசநோய் என்று மட்டும் எண்ணிவிட வாய்ப்புண்டு. இரண்டும் சேர்ந்தும் வரும். சிலிகா காசநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால் சளிப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். சிலிகோசிஸ் உறுதியானால் தழும்பை மாற்றும் மருந்து இல்லை. தூசி வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம். அதனால் முதல் புள்ளி தெரிந்தவுடனேயே தூசி இல்லாத வேலைக்கு மாற்றும்படி எழுத்தில் கேளுங்கள்.