இரவில் கடிப்பது மூட்டைப்பூச்சியா, தூசிப்பூச்சியா? இலவம்பஞ்சு மெத்தை உள்ள வீடுகளில் நடக்கும் தவறுகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூசிப்பூச்சி கடிக்காது. அதற்குக் கடிக்கிற வாயே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத உயிர் அது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தூளைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெத்தைக்குள் வாழும். அதன் எச்சம் மூக்கில் போனால் சிலருக்கு ஒவ்வாது. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இளைப்பு, குழந்தைகளுக்குத் தோல் தடிப்பு எல்லாம் அதனால் வரலாம். ஆனால் கையிலும் கழுத்திலும் தனித்தனியாக வீங்கி நிற்கும் தடிப்புக்குக் காரணம் வேறு.

கம்பம் பள்ளத்தாக்கிலும் குமுளி, கம்பம்மெட்டு பக்கமும் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்புவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே பெரும்பாலான வீடுகளில் இலவம்பஞ்சு மெத்தைதான். ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைக்குப் போகிறவர்களும், வாரக்கணக்கில் லயத்தில் தங்கி வருகிறவர்களும் உண்டு. மூட்டைப்பூச்சி பையோடும் கம்பளியோடும் மலையிறங்குகிறது. தூசிப்பூச்சிக்கோ மழைக்கால ஈரம் போதும். ஒரே மெத்தையில் இரண்டும் இருப்பது இங்கே சாதாரணம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதுதான் முதல் தவறு.

கடித்த தழும்பை மட்டும் பார்த்து முடிவு செய்வது

உத்தமபாளையம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மரக்கட்டிலில் அத்தையும் அவருடைய பேத்தியும் படுக்கிறார்கள். பேத்தியின் கையில் தடிப்பு, காலையில் தும்மல். அத்தைக்கு ஒன்றுமே இல்லை. "மூட்டைப்பூச்சி இருந்தா என்னையும் கடிக்காதா? இது பிள்ளைக்கு உடம்புச் சூடு" என்றார் அத்தை. அது அப்படி இல்லை. மூட்டைப்பூச்சி கடித்தாலும் பலருக்குத் தடிப்பே வராது. வருகிறவர்களுக்கும் சில சமயம் நாட்கள் கழித்துத்தான் வரும். வயதானவர்களிடம் அடையாளமே தெரியாமல் போவதும் உண்டு. வரிசையாக மூன்று தடிப்பு இருந்தால் மூட்டைப்பூச்சிதான் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம், கொசுவும் அப்படிக் கடிக்கும்.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி என்று அரித்து, இரவில் அரிப்பு கூடி, வீட்டில் எல்லோருக்கும் பரவினால் அது சிரங்காக இருக்கலாம். சிரங்குப் பூச்சி தோலுக்குள்ளேயே குடியிருப்பது. மெத்தையை எரித்தாலும் அது போகாது, மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டியிருக்கும்.

மூட்டைப்பூச்சியை உறுதி செய்ய அது விட்டுச்செல்லும் தடயத்தைத் தேட வேண்டும். நள்ளிரவு தாண்டி விடியலுக்கு முன் டார்ச் எடுத்துப் பாருங்கள், அப்போதுதான் அது இரை தேடி வெளியே வரும். பகலில் தேடுவதானால் மெத்தையின் ஓரத்தில் தடித்து ஓடும் தையல் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். இலவம்பஞ்சு மெத்தையில் பஞ்சு நகராமல் இருக்க இடையிடையே குத்தித் தைத்திருப்பார்கள் அல்லவா, அந்தக் குழிகள் ஒவ்வொன்றும் அதற்கு நல்ல வீடு. கட்டிலில் சட்டங்கள் சேரும் மூலை, போல்ட் துளை, தலைமாட்டுப் பலகையின் பின்புறம். சுவரில் காலண்டருக்குப் பின்னால், காரை விட்ட விரிசல்.

என்ன தெரியும்? மசிப்புள்ளி போலக் கறுப்புப் பொட்டுகள். அது செரித்த ரத்தம். ஈரப்பஞ்சால் தேய்த்தால் துருநிறத்தில் இழுபடும், இழுபடவில்லை என்றால் வெறும் அழுக்காக இருக்கலாம். உரித்த சட்டை, ஒரு மில்லிமீட்டர் அளவில் வெள்ளை முட்டை, ஆப்பிள் விதை அளவில் தட்டையான செம்பழுப்புப் பூச்சி. ஒன்று கிடைத்தால் செலோ டேப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், காட்டி உறுதி செய்யலாம். அந்த வீட்டில் தையல் குழிகளில் பொட்டு இருந்தது, கட்டில் மூலையில் சட்டையும் முட்டையும் இருந்தன. ஆக பேத்தியின் தடிப்புக்கு மூட்டைப்பூச்சி காரணம். தும்மலுக்கு வேறு காரணம் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வெயிலை நம்பி மெத்தையை மாடியில் போடுவது

இதுதான் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வது. மெத்தையைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டு, சாயங்காலம் எடுத்துவந்து விரிப்பார்கள். மூட்டைப்பூச்சி சாக 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், முட்டைக்கு இன்னும் கொஞ்சம் அதிகம், 55 வரை. உச்சி வெயிலில் மெத்தையின் மேல் பக்கம் அந்தச் சூட்டைத் தொடலாம். ஆனால் பஞ்சு சூட்டைக் கடத்தாது, அடிப்பக்கம் குளிர்ந்தே இருக்கும். பூச்சி சும்மா இருக்குமா? அடியில் நகர்ந்து ஒளிந்துகொள்ளும், சிலது கைப்பிடிச் சுவர் விரிசலில் ஏறும். கறுப்பு பிளாஸ்டிக் போர்த்திப் போட்டாலும் தடித்த மெத்தையில் அடிப்பக்கம் போதிய சூடாவதில்லை.

இலவம்பஞ்சு மெத்தையில் வெயிலைப் பயன்படுத்த வழி உண்டு. பிரிக்க வேண்டும். மெத்தையைப் பெரிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி மாடிக்குக் கொண்டுபோங்கள், நடைபாதையில் பூச்சி உதிராமல் இருக்கும். ஓரத் தையலைப் பிரித்து பஞ்சை எடுத்து மெல்லிய அடுக்காகப் பரப்பி, பறக்காமல் மேலே கொசுவலைத் துணி போட்டுக் கட்டுங்கள். மூக்கில் துணி கட்டுவது கட்டாயம். அடுக்கு மெல்லியதானால்தான் சூடு முழுக்க இறங்கும், மதியத்தில் புரட்டிப் போடுங்கள். பூச்சியும் முட்டையும் பெரும்பாலும் உறையின் தையலில்தான் இருக்கும், எனவே உறைக்கு வெந்நீர். அண்டாவில் கொதிக்கும் நீரில் உறையை முழுக்க மூழ்கடித்து அரைமணி விட்டுவிடுங்கள். தலையணை உறை, விரிப்பு, போர்வை, கொசுவலை எல்லாவற்றையும் அறையிலேயே பையில் கட்டி நேரே அண்டாவுக்குக் கொண்டுபோங்கள். வெந்நீரில் போட முடியாத கம்பளியை இறுகக் கட்டி ஆழ்உறைவிப்பானில் நான்கு நாள் மைனஸ் 18 டிகிரியில் வைக்கலாம், அந்த வசதி இருந்தால்.

பஞ்சோடு மெத்தை மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள். இலவம்பஞ்சு மெழுகுத் தன்மையால் நீரில் ஊறாது, ஆனால் இடைவெளியில் நீர் தேங்கி நாள்கணக்கில் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தோடு தூசிப்பூச்சியும் பெருகும்.

மெத்தை தைப்பவரைக் கூப்பிட்டுப் பிரித்துத் தைப்பதானால், மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அவருடைய வண்டியிலும் அடுத்த வீட்டிலும் போய்ச் சேரும்.

தோட்டத்து மருந்தை அறைக்குள் அடிப்பது

தோட்டத்து ஊரில் பூச்சிமருந்துக்குப் பஞ்சமில்லை. ஏலச்செடிக்கு வாங்கியதில் மீதியை மெத்தையில் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவு முழுக்க முகம் பதித்துப் படுக்கும் இடம் அது. இதைவிடக் கொடுமை, தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலடியில் வைப்பது. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். மூடிய அறையில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் எந்த நியாயத்துக்கும் அதை வைக்காதீர்கள்.

கடையில் விற்கும் ஸ்ப்ரே அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் பயனும் குறைவு. இவை பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. மூட்டைப்பூச்சிகள் பல இடங்களில் அதற்குப் பழகிவிட்டன. மருந்து நேரே படாத பூச்சி கலைந்து பக்கத்து அறைக்குப் போகும். மண்ணெண்ணெய் ஊற்றுவது தீக்கு அழைப்பு. வேப்பிலை, நாப்தலீன் உருண்டையெல்லாம் திறந்த அறையில் மூட்டைப்பூச்சியைத் தீர்க்காது.

கட்டிலுக்குக் கொதிநீர்தான் சரி. மூலைகளையும் போல்ட் துளைகளையும் பிரித்து வெளியே வைத்து ஊற்றுங்கள். இரும்புக் குழாய்க் கட்டிலில் உள்ளே போய் ஒளியும், திறந்த முனைகளை அடைத்துவிடுங்கள். சுவர் விரிசலைப் பூசுங்கள். கட்டில் சுவரைத் தொடாமல், விரிப்பு தரையில் தொங்காமல் இருக்க வேண்டும். கால்களின் கீழ் கிண்ணம் வைப்பதென்றால் சோப்பு கலந்த நீர் வையுங்கள், மரக்கால் ஊறாமல் பிளாஸ்டிக் சுற்றிவிடுங்கள். வழுவழுப்பான கிண்ணம் மட்டும் போதாது, வெப்பநாட்டு மூட்டைப்பூச்சி பல நேரம் அதிலும் ஏறிவிடும்.

இன்னொன்று. கடிக்கிறது என்று வேறு அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள். அது உங்கள் மூச்சையும் சூட்டையும் தேடி அங்கேயும் வரும், இப்போது இரண்டு அறை ஆகிவிடும்.

ஒரு முறை செய்து முடித்ததாக நினைப்பது

தப்பிய முட்டைகள் நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் பொரியும். எனவே 10 முதல் 14 நாளில் துணி, உறை, கட்டில் எல்லாம் மறுபடி வெந்நீரில் செய்ய வேண்டும். அத்தை வீட்டில் முதல் சுற்றுக்குப் பிறகு கடி நின்றது என்று விட்டுவிட்டார்கள். மூன்றாம் வாரம் பேத்திக்குத் திரும்பத் தடிப்பு, கட்டில் மூலையில் சின்ன வெளிறிய குஞ்சுகள். இரண்டாம் சுற்று முடித்து, கிண்ணத்தை அவ்வப்போது பார்த்து, இரண்டு மாதம் வரை புதுப்பொட்டு எதுவும் இல்லை என்ற பிறகுதான் முடிந்தது.

தும்மல் மட்டும் நிற்கவில்லை. அது தூசிப்பூச்சியின் எச்சத்தால். வெயிலில் காய்ந்து தூசிப்பூச்சி செத்தாலும் எச்சம் மெத்தையிலேயே இருக்கும், அதுதான் ஒவ்வாமையைக் கிளப்புவது. இலவம்பஞ்சில் தூசிப்பூச்சி சேராது என்பதும் உண்மையில்லை. விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி அளவு சூட்டு நீரில் துவைக்க வேண்டும். மெத்தைக்கும் தலையணைக்கும் இறுகிய நெசவில் ஜிப் வைத்த உறை போட்டால் எச்சம் வெளியே வராது, தப்பிய மூட்டைப்பூச்சி ஏதாவது இருந்தாலும் அடைபடும். அந்த உறையை ஒரு வருடம் கழற்றாதீர்கள், கிழிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலையில் எழுந்தவுடன் போர்வையை மூடி மடிக்காமல் ஜன்னலைத் திறந்து மெத்தையைக் காயவிடுங்கள். மலைப்பக்கம் சாரல் காலத்தில் அறையில் ஈரத்துணி காயப்போடுவதை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். இளைப்பு இருக்கிற குழந்தையானால் இதோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அத்தையின் மகன் வாரக்கடைசியில் தோட்டத்திலிருந்து வருவான். வந்த பையைக் கட்டிலில் போடுவதுதான் அந்த வீட்டுப் பழக்கம். இப்போது பை வாசல் திண்ணையில் நிற்கிறது. துணி நேரே அண்டாவுக்கு. பையை நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுக்கிறார்கள்.