உப்பு வளையம்: வெளுத்ததே தவிர, போகவில்லை

கருப்பூரில் வாடகைக்கு இருக்கும் என் தங்கை போன மாதம் அழைத்தாள். "அண்ணா, கழிப்பறைக் கோப்பையில் இருந்த அந்த வளையம் போயே போய்விட்டது. ராத்திரி பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்தேன், காலையில் பளிச்சென்று இருக்கிறது" என்றாள். நான்காவது நாள் மறுபடியும் அழைப்பு. வளையம் பழைய இடத்தில், பழைய நிறத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. வேதியியல் ஆசிரியராக ஓய்வு பெற்றவன் என்பதால், வீட்டில் இப்படிப்பட்ட வழக்குகளெல்லாம் கடைசியில் என்னிடம்தான் வரும்.

அவள் வீட்டு வளையம் போய்த் திரும்பி வரவில்லை, முதலிலிருந்தே போகவில்லை. சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் வெள்ளைவெள்ளையாகத் தெரியும் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுக் குவியல்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடிக்கக் காவிரித் தண்ணீர், கழிப்பறைக்குப் போர் தண்ணீர் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகளில் கோப்பைக்குப் போவது இந்த உப்புத் தண்ணீர்தான். கோப்பையில் நிற்கும் நீரின் விளிம்பு மெல்லக் காய்கிறது, அதில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து கல்லாக ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் அதன்மேல் இன்னொரு மெல்லிய படலம். படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது வெள்ளைதான். ஆனால் அதன் சொரசொரப்பில் அழுக்கும் சிறுநீரின் உப்பும் ஏறி, மஞ்சளாகவும் பழுப்பாகவும் நமக்குத் தெரிகிறது.

பிளீச் நிறத்தை மட்டும்தான் எடுக்கும். கல்லைக் கரைக்கும் வேலை அதற்குத் தெரியாது. மஞ்சள் கல் வெள்ளைக் கல்லாகிறது, வெள்ளைக் கோப்பையின் மேல் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. நான்கு நாளில் அதே கல் மறுபடி அழுக்கேறுகிறது. போதாக்குறைக்கு, பிளீச்சிங் பவுடர் தயாராவதே நீர்த்த சுண்ணாம்பின் மீது குளோரினைச் செலுத்தித்தான். சுண்ணாம்புக் கறையைப் போக்கச் சுண்ணாம்பையே கரைத்து ஊற்றுகிறோம்.

வளையம் போயிற்றா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கையுறை மாட்டிக்கொண்டு ஒரு ஐஸ் குச்சியால் அந்த இடத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். வழவழவென்று சென்றால் கறை போய்விட்டது. கரகரவென்று தட்டினால், எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் கல் அங்கேயே இருக்கிறது. தங்கை இழுத்துப் பார்த்துவிட்டு, "அரிசி கொட்டிய தரை மாதிரி இருக்கிறது" என்றாள்.

அடுத்து அவள் சொன்னது என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "பிளீச்சிங் பவுடர் இன்னும் கொஞ்சம் கோப்பையில் கிடக்கிறது, அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றிவிடட்டுமா?" ஒன்று போதவில்லை என்றால் இரண்டையும் சேர்ப்பது சமையலறையில் சரி. இங்கே அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பிளீச் எந்த அமிலத்தோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிப்படும். கடை ஆசிட் மட்டுமல்ல, கழிப்பறைக்கென்று விற்கும் நீல நிறத் திரவம், வினிகர், எலுமிச்சை உப்பு எல்லாமே இதில் அடக்கம். குளோரின் காற்றைவிடக் கனமானது. அதனால் தரையை ஒட்டியே தங்கும். கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்தோ குத்துக்காலிட்டோ தேய்ப்பவரின் முகமும் அதே உயரத்தில்தான் இருக்கும்.

தப்பித்தவறி கலந்துவிட்டால் அதைச் சரிசெய்ய எதையும் மேலே ஊற்றாதீர்கள். கதவைத் திறந்துவைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். கண் எரிச்சலும் இருமலும் திறந்த வெளியில் அடங்காமல், நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ 108-ஐ அழையுங்கள். மூக்குத் துளைக்கும் அந்த வாசனையைச் 'சுத்தமான வாசனை' என்று நினைத்துத் தொடர்ந்து தேய்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மாதிரி வளைந்த கழுத்துள்ள பாட்டில்களில் அமிலத் திரவமும் வருகிறது, பிளீச் திரவமும் வருகிறது. முன்பக்கத்துப் படத்தை நம்பாமல் பின்பக்கத்தைப் படியுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றிருந்தால் அது கல்லுக்கு. சோடியம் ஹைப்போகுளோரைட் என்றிருந்தால் அது கறுப்பு, பச்சைப் பாசிக்கும் கிருமிக்கும் வாடைக்கும். ஒன்று கிள்ளினால் உதிராத சொரசொரப்பு, இன்னொன்று தொட்டால் வழுக்கும் பிசுக்கு. எது இருக்கிறதோ அதற்கான பாட்டில். பினாயில் இந்தக் கணக்கிலேயே வராது, அதைக் கொண்டு கல்லைக் கரைக்க முடியாது.

தங்கையிடம் நான்கைந்து முறை ஃப்ளஷ் செய்து, பிரஷ்ஷையும் அலசிவிட்டு, அன்றைக்கு எதையும் தொடாதே என்றேன். ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். அங்கே போனபோதுதான் அடுத்த தவறு தெரிந்தது. முன்பு ஒரு முறை அவள் அமிலத் திரவத்தையும் முயன்றிருக்கிறாள். "அது ஒன்றும் செய்யவில்லை" என்றாள். எப்படி ஊற்றினாய் என்று கேட்டால், கோப்பை நிறைய நீர் நிற்கும்போதே அதற்குள் ஊற்றியிருக்கிறாள்.

கணக்கைப் பாருங்கள். வெஸ்டர்ன் கோப்பையில் சாதாரணமாக 2 லிட்டர் அளவுக்கு நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரவத்தில் அமிலம் சுமார் 10 சதவீதம். அதில் 100 மில்லியை இந்த நீரில் கலந்தால் அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதுவும் கோப்பை முழுக்கப் பரவி, வளையத்தைத் தொடுவது அதில் ஒரு துளிப் பங்குதான்.

ஆகவே முதலில் சுவரில் இருக்கும் குழாயை மூடி, ஒரு முறை ஃப்ளஷ் செய்தேன். பிறகு பிரஷ்ஷைக் கோப்பையின் அடித்துளைக்குள் பத்துப் பதினைந்து முறை வேகமாகக் குத்தினேன். நீர் வளைவைத் தாண்டி ஓடி, மட்டம் வளையத்துக்குக் கீழே நான்கு விரல் இறங்கியது. மிச்சத்தை அப்படியே விட்டேன், ஏனென்றால் சாக்கடை வாயு மேலே வராமல் தடுப்பது அந்த நீர்தான். சன்னலையும் கதவையும் திறந்துவைத்து, கையுறையோடு வளையத்தின் மேல்விளிம்பிலிருந்து திரவத்தைச் சுற்றிலும் விட்டேன். சுமார் 100 மில்லி. உடனே மெல்லிய நுரை கிளம்பியது. கார்பனேட் கரைந்து கரியமில வாயுவாகப் பொங்குவதுதான் அது.

அந்த நுரையே நமக்குக் கடிகாரம். அது பொங்கிக்கொண்டிருக்கும் வரை தேய்க்க வேண்டியதில்லை. அடங்கியதும் அமிலமோ கல்லோ தீர்ந்துவிட்டது என்று பொருள், அதன்பிறகு இரவெல்லாம் ஊறவைத்தாலும் பெரிய பயன் இல்லை. 100 மில்லியால் மிஞ்சிப்போனால் 14 கிராம் கல்லைத்தான் கரைக்க முடியும். வருடக்கணக்கில் படிந்த வளையம் அதைவிட அதிகம் இருக்கும். அதனால் அரை மணி நேரம் கழித்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, மறுபடி நீரை இறக்கி, மறுபடி 100 மில்லி. மூன்றாவது சுற்றில்தான் குச்சி வழுக்கியது.

(வகுப்பில் மாணவர்கள் மேக்னசைட் கல்லைக் கொண்டுவந்து ஆசிட்டில் போட்டுப் பார்ப்பார்கள். குளிர்ந்த, நீர்த்த அமிலத்தில் அது பொங்காமல் சும்மா கிடக்கும், சூடாக்கினால்தான் அசையும். அதை நினைத்துக்கொண்டு கோப்பையில் கொதிநீர் ஊற்றி ஆசிட்டை வேகப்படுத்தக் கிளம்பாதீர்கள். பீங்கான் விரிசல் விடும், அமிலப் புகையும் முகத்தில் அடிக்கும்.)

மூன்று சுற்றுக்குப் பொறுமையில்லாதவர்கள் தெருவில் விற்கும் ஆசிட்டை வாங்குகிறார்கள். மூடியைத் திறந்தாலே வெள்ளைப் புகை வரும் சரக்கு அது, 30 சதவீதம் வரை அமிலம் இருக்கும். பீங்கானின் கண்ணாடிப் பூச்சை அது எளிதில் தின்னாது என்பது உண்மை. ஆனால் சுற்றியிருப்பவற்றைத் தின்னும். ஓடுகளுக்கு நடுவில் பூசிய சிமெண்டை அரிக்கும். பழைய வீடுகளின் மொசைக் தரையில் பதித்திருப்பது பளிங்குத் துண்டுகள், அதுவும் கார்பனேட்தான். ஒரு சொட்டு விழுந்தால் வளையத்தைப் போலவே அதுவும் பொங்கும். புகை பட்ட குழாய்களும் கொக்கிகளும் துருப்பிடிக்கும். கல்லைச் சுரண்டப் பிளேடோ கம்பி நாரோ எடுப்பது இன்னும் மோசம். பூச்சு கீறிவிட்டால் அடுத்த வளையத்துக்கு நாமே பிடிமானம் செய்து கொடுத்ததாகிவிடும்.

ஏற்காட்டில் இருக்கும் மாமாவின் வீட்டுக் கதை வேறு. அங்கே கோப்பையில் இருந்தது செம்பழுப்புக் கறை, குச்சியால் இழுத்தால் சொரசொரப்பே இல்லை. தண்ணீரில் வரும் இரும்பு அது. இதற்குப் பிளீச் போட்டால் வெளுக்காது. கரைந்து வரும் இரும்பையும் துருவாக்கி ஒட்டவைத்துவிடும். மாமா மூன்று வாரம் பிளீச் போட்டு, கறையை இன்னும் கறுக்க வைத்திருந்தார். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் கறையின் மேல் ஒட்டிவைத்தோம். துணி காயாமல் இரண்டு முறை மேலே தெளித்ததில் காலையில் பெரும்பகுதி தேய்க்கும்போதே வந்துவிட்டது. அதற்கும் முன்னால் பழைய பிளீச் மிச்சமில்லாமல் கழுவினோம்.

கருப்பூருக்குத் திரும்புவோம். இரண்டு வாரத்தில் தங்கை மறுபடி அழைத்தாள். வளையம் இல்லை, ஆனால் கோப்பையின் பின்சுவரில் விரல் அகலத்துக்கு நெடுக ஒரு வெள்ளைக் கோடு. வளையம் என்றால் நீர் நிற்கிறது, கோடு என்றால் நீர் ஓடுகிறது. ஃப்ளஷ் டேங்கில் சொட்டு நீலம் பத்துத் துளி விடச் சொன்னேன், இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது என்றேன். பதினைந்தாவது நிமிடத்திலேயே கோப்பைக்குள் நீலம் இறங்கிவிட்டது. டேங்கின் அடியில் இருந்த ரப்பர் வாஷர் உப்பேறிக் கெட்டியாகி, சரியாக மூடாமல் நாள் முழுக்க நூல் போல நீர் கசிந்திருக்கிறது. வாஷரை மாற்றிய பிறகு கோடு வரவில்லை. நீர்விளிம்பில் மட்டும் பத்து நாளுக்கு ஒருமுறை லேசாகப் பூக்கிறது. கல்லாகுமுன், நீரை இறக்கி 50 மில்லி விட்டால் ஒரே சுற்றில் போய்விடுகிறதாம். பிளீச்சிங் பவுடர் டப்பாவை இப்போது மாடிப்படியின் கீழ் வைத்திருக்கிறாள். ஆசிட் பாட்டில் கழிப்பறையிலேயே இருக்கிறது.