மெயில் அனுப்பும் முன்: To கட்டத்தைக் கடைசியில் நிரப்புங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். எனக்கு இரண்டு கார்த்திக்கைத் தெரியும் (பெயரை மாற்றியிருக்கிறேன்). ஒருவர் எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறார், இன்னொருவர் ஒரு டையிங் யூனிட்டில். வேறொரு டையிங்காரர் கொடுத்த கிலோ ரேட்டை கணக்குப் பிரிவு கார்த்திக்குக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் டையிங் கார்த்திக்கிடமிருந்து போன்: “ஏனுங்க மேடம், அவங்களுக்கு மட்டும் இந்த ரேட்டுங்களா?”

அந்த மெயிலை அனுப்பும் முன் மூன்று முறை படித்திருந்தேன். ஆனால் படித்ததெல்லாம் மெயிலின் உடலைத்தான். முகவரியை ஆரம்பத்திலேயே போட்டுவிட்டதால் அது முடிந்த வேலையாகிவிட்டது, கண் அந்தப் பக்கமே போகவில்லை. அதற்குப் பிறகு மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன். அதில் மூன்றே சொற்கள்: இணைப்பு, பெயர், பெறுநர். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும், பெறுநர் கடைசி.

1. இணைப்பு

புது மெயில் திறந்ததும் முதலில் ஃபைலை இணைத்துவிடுங்கள், எழுதுவது அப்புறம். “இணைத்துள்ளேன்” என்று எழுதிவிட்டு இணைக்காமல் அனுப்புவது இதோடு நின்றுவிடும். ஆங்கிலத்தில் “attached” என்று எழுதிவிட்டு ஃபைல் இல்லாமல் அனுப்பப் போனால் ஜிமெயில் கேட்கும். தமிழில் எழுதியபோது என்னை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

அடுத்தது, இணைத்த ஃபைலை மெயிலுக்குள்ளிருந்தே திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலைத் திறந்து பார்ப்பது இதற்கு ஈடாகாது. நீங்கள் இணைத்த நொடியில் எந்த நகல் சேமிக்கப்பட்டிருந்ததோ அதுதான் மெயிலில் ஏறியிருக்கும். எக்செலில் ரேட்டைத் திருத்தி Ctrl+S அழுத்த மறந்து இணைத்தால் பழைய ரேட்தான் போகும். இணைத்த பிறகு திருத்தினாலும் அதே கதைதான். ஒரு காஸ்டிங் ஷீட்டில் 4.35 டாலரை 4.20 ஆக்கி, பையருக்கு 4.35ஐயே அனுப்பி, “விலையைக் குறைத்திருக்கிறோம்” என்று மெயிலில் எழுதியிருக்கிறேன். திறந்து பார்க்கும்போது முழுதும் படிக்க வேண்டாம். கடைசியாக நீங்கள் எதை மாற்றினீர்களோ அந்த ஒரு எண் சரியா என்று பார்த்தால் போதும்.

எக்செல் என்றால் கீழே இருக்கும் மற்ற ஷீட்களையும் பாருங்கள். ஷீட் பெயரில் ரைட் கிளிக் செய்து Unhide எழுத்து தெளிவாகத் தெரிந்தால், உள்ளே ஏதோ ஒரு ஷீட் மறைந்திருக்கிறது. எங்கள் லாப விழுக்காடு அப்படி ஒரு ஷீட்டில்தான் இருக்கும். வெளியாட்களுக்கு நான் பி.டி.எஃப். மட்டும்தான் அனுப்புவேன். எக்செல்தான் வேண்டும் என்று கேட்டால், தேவையான ஷீட்டைப் புது ஃபைலுக்கு எடுத்து அனுப்புகிறேன்.

2. பெயர்

ஸ்பெல் செக் இதில் உதவாது. நம் ஊர்ப் பெயர் எல்லாவற்றுக்கும் கீழே சிவப்புக் கோடு போடும், கொஞ்ச நாளில் கண்ணுக்கு அது பழகிப்போகும். Karthik, Karthick, Kartik மூன்றுமே சரியான பெயர்கள்தான், ஆள்தான் வேறு. Shanthi, Santhi, Shanti கதையும் அதேதான். ஆகவே பெயரை டைப் செய்யாதீர்கள். அவர் அனுப்பிய பழைய மெயிலில் அவரே கீழே போட்டிருக்கும் கையெழுத்திலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள். மெயில் முகவரியிலிருந்து எடுக்க வேண்டாம். அது கம்பெனியில் யாரோ உருவாக்கிக் கொடுத்ததாக இருக்கலாம்.

பழைய மெயிலை எடுத்து ஆள் மாற்றி அனுப்பும்போது இன்னொரு சிக்கல் வரும். மேலே “Dear” வரியை மாற்றிவிடுவோம், மூன்றாவது பத்தியில் பழைய பையரின் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும். Ctrl+F அடித்துப் பழைய பெயரைத் தேடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தால்தான் சரி.

Mr, Ms போடுவதையும் நான் விட்டுவிட்டேன். Andrea என்பது இத்தாலியில் ஆண் பெயர், ஜெர்மனியில் பெண் பெயர். முழுப் பெயரையும் எழுதிவிட்டால் வம்பே இல்லை.

3. பெறுநர்

நான் சறுக்கிய இடம் இதுதான். புது மெயிலில் To, Cc இரண்டையும் காலியாகவே வைத்து எழுதுங்கள். நடுவில் கை தவறி Send பட்டாலும் பெறுநர் இல்லை என்று சொல்லி ஜிமெயில் நின்றுவிடும். எழுதி முடித்து, இணைப்பும் பெயரும் பார்த்த பிறகு முகவரியைப் போடுங்கள். Reply என்றால் To முன்பே நிரம்பியிருக்கும். விலை, சம்பளம் மாதிரி விவகாரமான மெயில் என்றால் அதை Ctrl+X செய்து எடுத்துவிட்டு, கடைசியில் திரும்பப் போடுகிறேன்.

முகவரியைப் போட்டதும் பெயரைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஜிமெயில் “Karthik” என்று மட்டும் காட்டும். அதன்மேல் மவுஸை வைத்தால் முழு முகவரி தெரியும். அதைப் பின்னாலிருந்து படியுங்கள்: முதலில் @ குறிக்கு அப்பால் இருக்கும் கம்பெனி, அப்புறம் இனிஷியல், கடைசியில் பெயர். என் இரண்டு கார்த்திக்கின் முகவரியும் முதல் ஏழு எழுத்து வரை ஒன்றுதான். முன்னாலிருந்து படித்தால் மூளை பாதியிலேயே “சரி” என்று சொல்லிவிடும்.

இரண்டு எழுத்து அடித்ததும் பெயரை நீட்டும் வசதிதான் இதற்கெல்லாம் காரணம். 2014 நவம்பரில் ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர், பிரிஸ்பேன் ஜி20 மாநாட்டுக்கு வரும் உலகத் தலைவர்களின் பாஸ்போர்ட் விவரங்களை ஆசியக் கோப்பைக் கால்பந்து ஏற்பாட்டாளர்களில் ஒருவருக்கு அனுப்பிவிட்டார். அவுட்லுக் நீட்டிய பெயரைப் பார்க்காமல் விட்டதுதான் காரணம். பட்டியலில் ஒபாமாவும் மோடியும் இருந்தார்கள். என்னிடமிருந்து போனதாவது வெறும் டையிங் ரேட்.

வேண்டாத பெயர்களை நீக்கிவிடலாம். அவுட்லுக்கில் நீளும் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் X-ஐ அழுத்துங்கள். ஜிமெயிலில் contacts.google.com போய் Other contacts பகுதியில் அழியுங்கள். அப்படியே ஜிமெயில் செட்டிங்ஸின் General பகுதியில் Undo Send நேரத்தை 5 நொடியிலிருந்து 30 ஆக்கிவிடுங்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் Save Changes அழுத்தாவிட்டால் மாறாது. நான் ஒரு வாரம் மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

பின்சேர்க்கை: 30 நொடி போதவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், தப்பு பெரும்பாலும் டீ குடிக்கப் போகும்போதுதான் உறைக்கும். பழைய அவுட்லுக்கில் Rules பகுதியில் அனுப்பும் மெயில்களுக்கு “defer delivery by a number of minutes” என்று ஒரு விதி உண்டு. நான் 3 நிமிடம் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: ஃபைல் 25 எம்.பி.யைத் தாண்டினால் ஜிமெயில் அதை டிரைவ் லிங்காக மாற்றிவிடும். நம் கணக்கில் திறந்து பார்த்தால் எப்போதும் திறக்கும், அதனால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. லிங்க் உள்ளவர் யாரும் பார்க்கலாம் என்று வைத்திருந்தால், இன்காக்னிட்டோ விண்டோவில் ஒட்டிப் பாருங்கள். அனுமதி கேட்டால் பையரையும் கேட்கும். அங்கே அவர் ஆபீஸ் திறக்கும் நேரத்தில் நமக்கு ஷிப்ட் முடிந்திருக்கும்.